கவுன்சிலரா, தெரபிஸ்டா, மனநல டாக்டரா: முதலில் யாரைப் பார்ப்பது?

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, கோயிலில் எனக்குப் பழக்கமான ஒரு பெண் போன் செய்தாள். பீனிக்ஸில் வீடு, டர்பனில் ஒரு கடையில் கணக்கு எழுதும் வேலை, வயது முப்பத்து நான்கு. அம்மா இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. "அக்கா, எனக்கு யாரைப் பார்க்கணும்னே தெரியல. கவுன்சிலர்னு ஒருத்தர் சொல்றாங்க, தெரபிஸ்ட்டுன்னு ஒருத்தர் சொல்றாங்க. மாமியார் இது நெர்வ்ஸ், தைப்பூசத்துக்குக் காவடி நேர்ந்துக்கோன்னு சொல்றாங்க. மூணு பேர் பேரு எழுதி வச்சிருக்கேன். யாருக்குப் போன் பண்றதுன்னு தெரியாம மூணு வாரமா உட்கார்ந்திருக்கேன்" என்றாள்.

நான் டர்பன் வடக்கில் ஒரு க்ளினிக்கில் பல வருடம் நர்ஸாக இருந்தவள். இந்தக் கேள்வியை நிறையப் பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். மூன்று வாரம் என்ற சொல்தான் எனக்கு உறுத்தியது. உடம்புக்கு வந்தால் டாக்டரிடம் போகலாம் என்று எல்லோருக்கும் தெரியும். மனசுக்கு வந்தால் மூன்று கதவு இருக்கிறது, எதைத் தட்டுவது என்று தெரியாமலே நாள் போய்விடுகிறது. அவளுக்குச் சொன்னதையும், அப்புறம் நடந்ததையும் இங்கே எழுதுகிறேன். அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டேன்.

முதலில் அந்த மூன்று பெயர்கள் இந்த நாட்டில் எதைக் குறிக்கின்றன என்று பார்க்க வேண்டும். அவள் எழுதி வைத்திருந்த சீட்டில் "தெரபிஸ்ட்" என்று ஒருவர் இருந்தார். தென்னாப்பிரிக்காவில் தெரபிஸ்ட் என்ற வெறும் சொல், ஒருவர் எதைப் படித்தார் என்பதைச் சொல்லாது. சைக்காலஜிஸ்ட் என்று போர்டு போட வேண்டுமானால் HPCSA என்ற சுகாதாரத் தொழில் கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும். ரெஜிஸ்டர்ட் கவுன்சிலர் என்று போடவும் அப்படித்தான். ஆனால் லைஃப் கோச், ஹீலர் என்று யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். அதனால் ஆளின் பெயரை விடப் பதிவு எண்ணைத்தான் பார்க்க வேண்டும். சைக்காலஜிஸ்ட்டின் எண் PS என்று தொடங்கும். ரெஜிஸ்டர்ட் கவுன்சிலரின் எண் PRC என்று தொடங்கும். சைக்கியாட்ரிஸ்ட் ஒரு டாக்டர் என்பதால் அவருடையது மற்ற டாக்டர்களைப் போல MP என்று தொடங்கும். HPCSA இணையதளத்தில் iRegister என்ற பகுதியில் பெயரைப் போட்டால் இது தெரிந்துவிடும். சோஷியல் வொர்க்கர்களும் நல்ல கவுன்சலிங் செய்கிறார்கள், ஆனால் அவர்களுக்கு வேறு கவுன்சில் இருப்பதால் இந்தப் பட்டியலில் வர மாட்டார்கள்.

நானும் அவளும் போனிலேயே அந்த மூன்று பெயரையும் தேடினோம். ஒருவர் ரெஜிஸ்டர்ட் கவுன்சிலர். ஒருவர் க்ளினிக்கல் சைக்காலஜிஸ்ட். "தெரபிஸ்ட்" என்று எழுதியிருந்த மூன்றாவது ஆள் எந்தப் பட்டியலிலும் இல்லை. அந்தப் பெயரை அடித்துவிட்டாள்.

படிப்பில் இருக்கும் வித்தியாசத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரெஜிஸ்டர்ட் கவுன்சிலர் நான்கு வருட உளவியல் படிப்பும் பயிற்சியும் முடித்தவர். குறுகிய காலத்துக்குத் துணையாக இருந்து பேசுவது, சிக்கலை இனம் கண்டு சரியான இடத்துக்கு அனுப்புவது அவர் வேலை. க்ளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மாஸ்டர்ஸ் முடித்து, ஒரு வருடம் இன்டர்ன்ஷிப், ஒரு வருடம் சமூகச் சேவை செய்தவர். நோய் இன்னது என்று சொல்லவும் ஆழமான சிகிச்சை தரவும் அவருக்கு அனுமதி உண்டு. ஆனால் இங்கே அவர் மருந்து எழுத முடியாது. சைக்கியாட்ரிஸ்ட் டாக்டராகி, அதற்கு மேல் நான்கு வருடம் மனநோய்க்கென்று படித்தவர். மருந்து எழுதுவார், ஆஸ்பத்திரியில் சேர்ப்பார், உடம்பையும் மனசையும் சேர்த்துப் பார்ப்பார்.

சரி, இதில் யார் அவளுக்கு? அதைச் சொல்லும் முன்னால் அவளிடம் சில கேள்விகள் கேட்டேன்.

மனச்சோர்வை அளக்க க்ளினிக்கில் நாங்கள் பயன்படுத்துகிற ஒன்பது கேள்வி கொண்ட தாள் ஒன்று உண்டு. PHQ-9 என்று தேடினால் கிடைக்கும். கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் இப்படி இருந்தது என்று ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை மதிப்பெண் போட வேண்டும். ஒருநாளும் இல்லை என்றால் பூஜ்யம், கிட்டத்தட்ட தினமும் என்றால் மூன்று. மொத்தம் 27. அவள் சொன்னதை எழுதினேன். எதிலும் ஆர்வம் இல்லாதது 2, மனம் சோர்ந்திருப்பது 2, தூக்கம் 3, களைப்பு 3, பசி 2, தன்னைத் தானே குறை சொல்லிக்கொள்வது 2, கவனம் நிற்காதது 2, அசைவு மந்தமாவது 0. ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் நல்லது என்ற எண்ணம் வருகிறதா என்பது. கொஞ்ச நேரம் பேசவில்லை. "சில நாள் தூங்கி எழுந்திருக்காமலே போயிட்டா நல்லாயிருக்கும்னு தோணும் அக்கா. வேற ஒண்ணும் செய்ய மாட்டேன்" என்றாள். அதற்கு 1. கூட்டினால் 17.

ஐந்துக்குக் கீழே இருந்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. பத்தைத் தாண்டினால் யாரையாவது பார்க்க வேண்டும். பதினைந்திலிருந்து பத்தொன்பது வரை ஓரளவு கடுமையான மனச்சோர்வு, இருபதுக்கு மேல் கடுமையானது. இந்தத் தாள் நோயை முடிவு செய்யாது, டாக்டர்தான் முடிவு செய்வார். ஆனால் எந்தக் கதவு என்ற கேள்விக்கு இது நல்ல வழிகாட்டி. மொத்தம் எவ்வளவு இருந்தாலும் ஒன்பதாவது கேள்விக்கு விழும் பதிலைத் தனியாகப் பார்க்க வேண்டும். அதில் பூஜ்யத்துக்கு மேல் எது வந்தாலும் அடுத்து நேராகக் கேட்டுவிட வேண்டும்: திட்டம் ஏதாவது இருக்கிறதா, கையில் மருந்தோ வேறு வழியோ வைத்திருக்கிறாயா, முன்னால் எப்போதாவது முயன்றது உண்டா. கேட்டால் எண்ணத்தை ஊட்டிவிடுவோமோ என்று நம் வீடுகளில் பயப்படுகிறார்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வருவதில்லை. அவளிடம் கேட்டேன். மூன்றுக்கும் இல்லை என்றாள். இருந்தது என்று சொல்லியிருந்தால் அந்தப் போனை வைத்துவிட்டு அன்று இரவே காரெடுத்துப் போயிருப்பேன்.

அம்மா இறந்த துக்கம்தானே இது, அதுவாக ஆறிவிடாதா என்று அவள் கணவர் பக்கத்திலிருந்து கேட்டார். நியாயமான கேள்வி. துக்கம் அலை போல வரும். அம்மாவின் புடவையைப் பார்த்ததும் பொங்கும், அடங்கும், பிள்ளை ஏதோ சொன்னால் சிரிப்பும் வரும். மனச்சோர்வு அப்படி வந்து போகாது, நாள் முழுக்க அப்படியே கனத்துக் கிடக்கும். துக்கத்தில் அம்மா இல்லையே என்று அழுகிறோம். மனச்சோர்வில் நான் எதற்கும் லாயக்கில்லை என்று தோன்றுகிறது. இவள் "அம்மாவை நல்லாப் பார்த்துக்கலை, நான் ஒரு மகளா" என்பதைத் தினமும் சொல்லிக்கொண்டிருந்தாள். விடியற்காலை மூன்று மணிக்கு முழிப்பு வந்தால் அப்புறம் தூக்கமே இல்லை. எடை குறைந்திருந்தது. வேலைக்கு மாதத்தில் நான்கைந்து நாள் போகவில்லை. இதை வருட திவசம் வரைக்கும் பொறுத்திருந்து பார்க்கலாம் என்று நான் சொல்ல மாட்டேன்.

இப்போது மூன்று வழியையும் அவளுக்குப் பொருத்திப் பார்ப்போம்.

கவுன்சிலரிடம் இரண்டாவது மாதத்தில் போயிருந்தால் அருமையாக இருந்திருக்கும். அந்த நேரத்தில் அவளுக்குத் தேவைப்பட்டது அழ இடம், அண்ணன்மாரோடு வீட்டுப் பங்கு விஷயத்தில் வந்த மனக்கசப்பைப் பேச ஒரு ஆள், வேலையில் லீவு கேட்பது எப்படி என்று யோசிக்கத் துணை. இதெல்லாம் கவுன்சிலரின் வேலை, இதை அவர்கள் நன்றாகச் செய்வார்கள். காசும் குறைவு. ஃபாம்சா என்ற குடும்ப நல அமைப்பில் வருமானத்துக்கு ஏற்ப கட்டணம் வாங்குகிறார்கள், லைஃப்லைனில் போனிலேயே இலவசமாகப் பேசலாம். கல்யாணச் சண்டை, வேலை போன கவலை, பிள்ளை பள்ளிக்கூடம் போக மறுப்பது என்று வருபவர்களில் பலருக்கு இதற்கு மேல் எதுவும் தேவைப்படாது.

ஆனால் பதினேழு மதிப்பெண்ணோடு, மூன்று மணி முழிப்போடு, தூங்கி எழுந்திருக்காமல் போகலாம் என்ற எண்ணத்தோடு கவுன்சிலரிடம் மட்டும் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. நல்ல கவுன்சிலர் என்றால் முதல் சந்திப்பிலேயே டாக்டரிடம் அனுப்புவார். அனுப்பாதவரும் இருக்கிறார்கள். அதைக் கண்டுபிடிக்க நான் சொல்லும் வழி இது: நான்கு சந்திப்பு முடிந்ததும் அந்த ஒன்பது கேள்வியை மறுபடி போட்டுப் பாருங்கள். எண் இறங்கவே இல்லை, அவரும் வேறு யாரையும் பார்க்கச் சொல்லவில்லை என்றால் அங்கேயே நிற்க வேண்டாம். அவர் கனிவான ஆள் என்பதற்காகப் பத்து மாதம் போய்வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நேராக சைக்கியாட்ரிஸ்ட்டிடம் போகலாமா? போகலாம், தவறில்லை. ஆனால் தனியார் சைக்கியாட்ரிஸ்ட்டின் முதல் நேரம் கிடைக்கவே பல வாரம் ஆகும். பெரும்பாலும் ஜி.பி. என்கிற குடும்ப டாக்டரின் கடிதம் கேட்பார்கள். சந்திப்புக் கட்டணமும் சைக்காலஜிஸ்ட்டை விட அதிகம். மிதமான மனச்சோர்வுக்கு முதல் மருந்தை ஜி.பி.யே எழுதலாம், இங்கே எழுதுகிறார்கள். அதனால் அவள் விஷயத்தில் சைக்கியாட்ரிஸ்ட்டை இரண்டாவது படியாக வைத்தேன்.

அவளிடம் சொன்னது இதுதான். நாளைக்கே உன் ஜி.பி.யைப் பார். அதே நாளில் அந்த க்ளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டுக்கும் போன் போட்டு நேரம் வாங்கு. இரண்டும் ஒன்றையொன்று காத்திருக்க வேண்டியதில்லை.

அவள் சீட்டிலேயே இல்லாத ஜி.பி.யை ஏன் முன்னால் கொண்டுவந்தேன்? உடம்பில் வரும் சில கோளாறுகள் மனச்சோர்வு மாதிரியே வேஷம் போடும். தைராய்டு மந்தமானால் களைப்பு, எடை, மந்தம் எல்லாம் வரும். இரத்தம் குறைந்தாலும் அப்படித்தான். பி12 குறைவு, கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை, தினமும் மாலையில் போகும் சாராயம், சில பிரஷர் மருந்துகள் என்று இன்னும் உண்டு. என் சொந்தப் பெரியம்மாவை இரண்டு வருடம் நெர்வ்ஸ் என்று சொல்லித் தூக்க மாத்திரை கொடுத்தார்கள். கடைசியில் தைராய்டு என்று தெரிந்தது. ஒரே ஒரு இரத்தப் பரிசோதனையில் முடிந்திருக்க வேண்டிய விஷயம் அது. மருந்து எழுதாத கவுன்சிலரோ சைக்காலஜிஸ்ட்டோ இரத்தப் பரிசோதனைக்கு அனுப்ப மாட்டார்கள், அது அவர்கள் வேலையும் இல்லை.

அவள் திங்கட்கிழமை போனாள். டாக்டர் தைராய்டும் முழு இரத்தப் பரிசோதனையும் எடுத்தார். தைராய்டு சரியாக இருந்தது. இரத்தம் குறைவாக இருந்தது, மாதவிடாயில் அதிகம் போகிறது என்று அப்போதுதான் யாரோ கேட்டு அவள் சொன்னாள். இரும்பு மாத்திரை கொடுத்தார். களைப்பில் ஒரு பங்கு அதனால் வந்தது, ஆனால் மீதி அதனால் இல்லை என்றும் சொன்னார். மனச்சோர்வு என்று முடிவு செய்து, காலையில் ஒரு ஃப்ளூயாக்ஸெட்டின் 20 மில்லிகிராம் தொடங்கினார்.

மாத்திரையைப் பற்றி அவளுக்கு ரொம்பப் பயம். பழக்கமாகிவிடும் என்று மாமியார் சொல்லியிருந்தார். பழக்கமாவது தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கிற வேறு வகை மாத்திரை, அதை வாரக்கணக்கில் போடக்கூடாது. இது அந்த வகை இல்லை. ஆனால் இதையும் திடீரென்று நிறுத்தக்கூடாது, டாக்டர் சொல்லிப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். அவளிடம் நான் குறிப்பாகச் சொன்னது, முதல் பத்து நாளில் நல்லது எதுவும் தெரியாது, குமட்டலும் ஒருவிதப் பரபரப்பும்தான் தெரியும் என்பதை. பலர் இந்தப் பத்து நாளிலேயே நிறுத்திவிடுகிறார்கள். பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும், முழுதாகத் தெரிய இன்னும் கொஞ்சம். இருபத்தைந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு முதல் சில வாரத்தில் தற்கொலை எண்ணம் கூடுகிறதா என்று வீட்டில் யாராவது கவனிக்க வேண்டும். குணமான பிறகும் ஆறிலிருந்து ஒன்பது மாதமாவது தொடர வேண்டும். நல்லாயிட்டேன் என்று மூன்றாவது மாதத்தில் விட்டவர்கள் பலர் திரும்பி வருகிறார்கள்.

சைக்காலஜிஸ்ட்டை அடுத்த வாரம் பார்த்தாள். வாரம் ஒரு தரம், ஐம்பது நிமிடம். பேசுவதோடு வீட்டுப்பாடமும் உண்டு. காலை ஏழு மணிக்கு எழுந்து வெளியே நடப்பது, நாளில் ஒரு சின்ன வேலையை முடித்து எழுதிவைப்பது, "நான் ஒரு மகளா" என்ற எண்ணம் வரும்போது அதற்கு ஆதாரம் எது, எதிர் ஆதாரம் எது என்று தாளில் எழுதுவது. ஐந்தாவது வாரம் அவள் எழுதிய எதிர் ஆதாரம்: அம்மாவின் டயாலிசிஸுக்கு இரண்டு வருடம் வாரம் மூன்று நாள் நான்தான் கூட்டிப்போனேன். இதைச் சொல்லும்போது அழுதாள், ஆனால் அந்த அழுகை வேறு மாதிரி இருந்தது. அதைத்தான் துக்கம் என்று முன்னால் சொன்னேன்.

எண்களைச் சொல்கிறேன். இரண்டாவது வாரத்தில் 16, அதாவது ஒன்றும் மாறவில்லை, அவளுக்கு நம்பிக்கையே போய்விட்டது. ஆறாவது வாரத்தில் 11. பன்னிரண்டாவது வாரத்தில் 6, ஒன்பதாவது கேள்விக்குப் பூஜ்யம். ஆறாவது வாரத்திலும் பதினாறிலேயே நின்றிருந்தால் மருந்தின் அளவைக் கூட்டுவார்கள் அல்லது மாற்றுவார்கள். அதற்கும் பலன் இல்லை என்றால் சைக்கியாட்ரிஸ்ட். அதுதான் நான் சொன்ன இரண்டாவது படி.

காசு விஷயத்தை ஒதுக்கிவிட முடியாது, ஏனென்றால் பலர் அங்கேதான் நிற்கிறார்கள். தனியார் சைக்காலஜிஸ்ட்டின் ஒரு மணி நேரம் இப்போது சாதாரணமாக ஆயிரம் ராண்டைத் தாண்டுகிறது. அவளுக்கு மெடிக்கல் எய்ட் இருந்தது, ஆனால் அதன் சேமிப்புக் கணக்கில் மிச்சம் கொஞ்சம்தான். அவளுக்குத் தெரியாத ஒன்று உண்டு. இந்த நாட்டில் எல்லா மெடிக்கல் எய்டும் கட்டாயம் தர வேண்டிய குறைந்தபட்சப் பலன்கள் என்று சட்டத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது, PMB என்பார்கள். கடுமையான மனச்சோர்வும், சோர்வும் மிதமிஞ்சிய உற்சாகமும் மாறி மாறி வரும் இருதுருவ நோயும் அதில் வருகின்றன. வருடத்துக்கு மூன்று வாரம் வரை ஆஸ்பத்திரிச் சிகிச்சை, அல்லது அதற்குப் பதிலாகப் பதினைந்து வெளிநோயாளர் உளவியல் சந்திப்புகள். சேமிப்புக் கணக்கைத் தொடாமல் கொடுக்க வேண்டும். ஆனால் தானாகக் கொடுத்துவிட மாட்டார்கள். டாக்டரோ சைக்காலஜிஸ்ட்டோ நோய்க்குரிய குறியீட்டை எழுதி, அதற்கான விண்ணப்பத்தை நிரப்பி அனுப்ப வேண்டும். மனச்சோர்வு என்றால் F32 என்று தொடங்கும். விண்ணப்பிக்காவிட்டால் பில் சேமிப்பிலிருந்து போகும், அது தீர்ந்ததும் உங்கள் பையிலிருந்து போகும். மெடிக்கல் எய்டின் சொந்தப் பட்டியலில் உள்ள சைக்காலஜிஸ்ட்டிடம் போனால்தான் முழுப் பணம் என்பதையும் முன்னாலேயே போனில் கேட்டுக்கொள்ள வேண்டும். பொதுவான பதற்ற நோய் PMB பட்டியலில் வராது, அதை நியாயம் என்று நான் நினைக்கவில்லை.

மருந்துக்கு வேறு கணக்கு. இருதுருவ நோயும் ஸ்கிஸோஃப்ரினியாவும் நாட்பட்ட நோய்ப் பட்டியலில் இருப்பதால் மாதாந்திர மருந்துக்குக் கட்டாயம் பணம் தர வேண்டும். வெறும் மனச்சோர்வு அந்தப் பட்டியலில் இல்லை, திட்டத்தைப் பொறுத்தது. ஃப்ளூயாக்ஸெட்டின் மலிவான ஜெனரிக்காகக் கிடைப்பதால் அவளுக்கு அது சுமையாக இல்லை.

வேலை இடத்துக்குத் தெரிந்துவிடுமோ என்றும் கேட்டாள். குறியீடு மெடிக்கல் எய்டுக்குப் போகும், முதலாளிக்குப் போகாது. டாக்டர் தரும் சிக் நோட்டில் உங்கள் சம்மதம் இல்லாமல் நோயின் பெயரை எழுதக்கூடாது. இதை டாக்டரிடம் நேராகச் சொல்லிவிடலாம்.

மெடிக்கல் எய்ட் இல்லாதவர்களுக்கு வழி, பக்கத்து அரசு க்ளினிக். அங்கே பார்ப்பதற்குக் காசில்லை. முதலில் நர்ஸ், அப்புறம் க்ளினிக்கின் டாக்டர், தேவைப்பட்டால் பீனிக்ஸில் மகாத்மா காந்தி ஆஸ்பத்திரி, சாட்ஸ்வொர்த்தில் ஆர்.கே. கான் மாதிரியான மாவட்ட, வட்டார ஆஸ்பத்திரிகளுக்குக் கடிதம். அரசு வழியில் மருந்து சீக்கிரம் கிடைக்கும், சைக்காலஜிஸ்ட்டுக்குத்தான் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புக் காலத்தில் லைஃப்லைன், ஃபாம்சா மாதிரி இடத்தில் கவுன்சிலரைப் பார்ப்பதை நான் எப்போதும் சொல்வேன். இங்கேதான் கவுன்சிலர் உண்மையில் உயிரைத் தாங்கிப் பிடிக்கிறார்: மருந்து ஏற ஆரம்பிக்கும் அந்த ஆறு வாரம் ஆளைத் தனியாக விடாமல் இருக்க.

இனி, நேராக சைக்கியாட்ரிஸ்ட்டிடம் அல்லது ஆஸ்பத்திரிக்கே போக வேண்டியவர்கள் யார்? இதை எழுதக் காரணம் என் அக்கா மகன்.

இருபத்திரண்டு வயது, யூனிவர்சிட்டி மாணவன். சோர்ந்து கிடந்தான், படிப்பில் விழுந்தான். நல்ல மனத்தோடு ஒரு கவுன்சிலரிடம் அனுப்பினோம், ஸ்ட்ரெஸ் என்றார். ஒரு டாக்டர் மனச்சோர்வு மாத்திரை கொடுத்தார். மூன்றே வாரத்தில் பையன் பிரமாதமாகிவிட்டான் என்று வீட்டில் சந்தோஷப்பட்டோம். இரண்டு மணி நேரம் தூங்கினான், களைப்பே இல்லை. அப்பாவின் கார்டில் சவுண்ட் சிஸ்டம் வாங்கினான். விடிய விடியப் பேசினான், பேச்சு ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவியது. முருகன் தன்னிடம் மட்டும் பேசுகிறான் என்றான். கோயிலில் சிலர் அருள் என்றார்கள். அருள் வந்தவர் சடங்கு முடிந்ததும் இறங்கிவிடுவார், தண்ணீர் குடிப்பார், தூங்குவார். இவன் இறங்கவில்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. இருதுருவ நோயில் சோர்வுக் கட்டத்துக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் சிலருக்கு எதிர்த் துருவத்துக்குத் தூக்கிப் போட்டுவிடும். யாரும் அவனிடம் ஒரு கேள்வியைக் கேட்கவில்லை, நான் உட்பட: இதற்கு முன் எப்போதாவது நான்கைந்து நாள் தூக்கமே தேவைப்படாமல், வழக்கத்துக்கு மீறிய உற்சாகத்தோடு இருந்திருக்கிறாயா? அவன் பதினெட்டு வயதில் அப்படி ஒரு வாரம் இருந்திருக்கிறான். அவன் அப்பா வழிப் பாட்டிக்கும் அது இருந்திருக்கிறது, ஆனால் குடும்பத்தில் அதை மறைத்து வைத்திருந்தார்கள்.

அதனால் இந்த நான்கில் ஒன்று இருந்தால் கவுன்சிலரில் தொடங்க வேண்டாம். சாக வேண்டும் என்று திட்டம் இருப்பது. பிறருக்குக் கேட்காத குரல் கேட்பது, யாரோ பின்தொடர்கிறார்கள் என்ற அசையாத நம்பிக்கை. தூக்கமில்லாமலேயே பொங்கும் உற்சாகம், இப்போதோ முன்னாலோ. பிள்ளை பெற்ற சில வாரத்துக்குள் தாய்க்கு வரும் குழப்பமும் விநோதப் பேச்சும். முதலில் சொன்னதற்கும் கடைசியில் சொன்னதற்கும் மறுநாள் வரைகூடக் காத்திருக்கக் கூடாது.

போக மாட்டேன் என்று அடம்பிடிப்பவரை என்ன செய்வது? 2002ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இதற்கு வழி வைத்திருக்கிறது. கணவனோ மனைவியோ நெருங்கிய உறவோ, கடந்த ஏழு நாளுக்குள் அவரைப் பார்த்திருந்தால், ஆஸ்பத்திரியில் விண்ணப்பம் கொடுக்கலாம். இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதிப்பார்கள். அவர்கள் ஒப்புக்கொண்டால் 72 மணி நேரம் உள்ளே வைத்துக் கவனிப்பார்கள். என் அக்கா அந்தப் பேப்பரில் கையெழுத்துப் போடும்போது கை நடுங்கியது. பையன் ஒரு வருடம் கழித்து அம்மாவுக்கு நன்றி சொன்னான்.

அவன் இப்போது இருதுருவ நோய்க்கு லித்தியம் என்ற மருந்தைச் சாப்பிடுகிறான், நன்றாக இருக்கிறான். அதைச் சாப்பிடுகிறவர்கள் நம் ஊரில் இன்னும் சிலர் இருப்பார்கள் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். தைப்பூசம் இங்கே கோடையின் நடுவில் வருகிறது. விரதம், வெயிலில் நடை, வியர்வை. லித்தியம் எடுப்பவர் உடம்பில் தண்ணீர் குறைந்தாலும், உப்பைத் திடீரென்று குறைத்தாலும், வலிக்கு ஐபுப்ரூஃபன் போட்டாலும் இரத்தத்தில் லித்தியம் ஏறி விஷமாகிவிடும். கை நடுக்கம் அதிகமாவது, வாந்தி, வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம், குழப்பம் வந்தால் உடனே ஆஸ்பத்திரி. விரதத்துக்கு உடம்பு சுத்தமாக இருக்க வேண்டும் என்று மாத்திரையை நிறுத்துவதும் அதே அளவு ஆபத்து. அவன் போன வருடம் காவடி எடுத்தான். எடுக்கும் முன் சைக்கியாட்ரிஸ்ட்டிடம் போய்த் தேதியைச் சொன்னான், இரத்தத்தில் அளவு பார்த்தார்கள், உப்பும் தண்ணீரும் குறையாத விரதமாக ஐயர் மாற்றிக் கொடுத்தார். மாத்திரை ஒருநாளும் விடவில்லை.

அந்தப் பெண்ணும் காவடிக்கு நேர்ந்துகொண்டாள். மாமியாரின் ஆசை அது, அவளுக்கும் பிடித்திருந்தது. டாக்டரும் சைக்காலஜிஸ்ட்டும் வேண்டாம் என்று சொல்லவில்லை. மாத்திரையை விடாதே என்று மட்டும் சொன்னார்கள்.

முதல் போனில் என்ன சொல்வது என்று தெரியாமல் நிற்பவர்களுக்கு அவள் அன்று சொன்ன வார்த்தைகளையே தருகிறேன். சீட்டில் எழுதி வைத்துப் படித்தாள்: "எனக்கு இரண்டு மாதமாகத் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, வேலைக்குப் போக முடியவில்லை, சில நாள் வாழப் பிடிக்கவில்லை. டாக்டரை இந்த வாரத்துக்குள் பார்க்க வேண்டும்." கடைசியாகச் சொன்ன இரண்டையும் கேட்டதும் ரிசப்ஷனில் இருந்தவர் அன்று காலையே நேரம் கொடுத்தார். போகும்போது சாப்பிடும் எல்லா மருந்தின் பெட்டிகளையும், குடும்பத்தில் யாருக்கு இப்படி இருந்தது என்ற விவரத்தையும், கணவரையும் கூட்டிக்கொண்டு போனாள். இரவில் திட்டம் போடும் அளவுக்கு எண்ணம் முற்றினால் அடுத்த நாள் காலைக்குக் காத்திருக்க வேண்டாம். பக்கத்து ஆஸ்பத்திரியின் கேஷுவல்ட்டி திறந்திருக்கும், 0800 567 567 என்ற தற்கொலைத் தடுப்பு எண்ணில் இரவிலும் ஆள் இருப்பார்கள், காசில்லை.